மீதியில் வந்த சம்பளம்

நிதி கொடுக்கும் அமைப்பிடமிருந்து வந்த கடிதத்தை ஆய்வாளர் மூன்று முறை படித்தாள். முதல் பத்தி தேன். கிணற்றுநீர் ஆய்வை நிபுணர் குழு மனமாரப் பாராட்டியிருந்தது. இரண்டாவது பத்திதான் கசந்தது. வரவுசெலவில் உள்ள ஒவ்வொரு தொகையும் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று ஒரே பக்கத்தில் விளக்கி அனுப்ப வேண்டும். மொத்தம் கூடாமல் தொகைகளைத் திருத்திக்கொள்ளலாம். விளக்கம் இல்லாத தொகை நீக்கப்படும்.

இரண்டு வருடம், மாதாமாதம் நாற்பது கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் திட்டம் அது. கிணறுகளைப் பற்றிக் கேட்டால் அவள் மூச்சு விடாமல் பேசுவாள். தொகைகளைப் பற்றிக் கேட்டால்தான் மூச்சு நின்றுவிடும்.

ஆய்வகக் கதவருகே பாட்டில் அண்ணன் நின்றான். மாதிரி பாட்டில்களை அவனைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று சண்டை பிடிப்பதால் வந்த பெயர். அவன்தான் அங்கே ஒரே ஆய்வக உதவியாளன். அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுத் திட்டம் வந்தால் வேலை தொடரும். வராவிட்டால், தூரத்து ஊரில் ஒரு தொழிற்சாலை அவனைக் கூப்பிடுகிறது. மனைவிக்கு வேலை இந்த ஊரில்.

"மேடம், திங்கக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். நான் என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. உங்க சம்பளம் பட்ஜெட்ல இருக்கு" என்றாள் ஆய்வாளர். இருந்தது. எப்படி அங்கே வந்தது என்பதுதான் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தாள். உதவியாளர் சம்பளம், இரண்டு வருடத்துக்கு நான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். அதற்கு நேரே, "முன் அனுபவத்தின் அடிப்படையில்" என்று எழுதினாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்த நிதி அலுவலரை எல்லோரும் 'ஆதாரம் அக்கா' என்பார்கள். காலை வணக்கம் சொன்னால்கூட ஆதாரம் கேட்பாள் என்று கேலி. அக்கா பக்கத்தைப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரோட அனுபவம்?"

"என்னோடதுதான்."

"உன் அனுபவத்தை நான் எங்க போய்ச் சரிபாக்குறது? இதைப் படிக்கிறவங்க உக்காந்து அவங்களே கணக்குப் போட்டா இதே தொகை வரணும். விகிதம் என்ன, எங்கிருந்து கிடைச்சுது, எத்தனை, எவ்வளவு காலம். அவ்வளவுதான் சமாச்சாரம். ரசாயனத்துக்கு அழகா எழுதியிருக்க பாரு."

அது உண்மை. நாற்பது கிணறு, இருபத்துநான்கு மாதம், தொள்ளாயிரத்து அறுபது மாதிரி. முடிவு சரிதானா என்று பார்க்கப் பத்தில் ஒரு பங்கு இரட்டை மாதிரி. மொத்தம் ஆயிரத்து ஐம்பத்தாறு. அதை ஒரு சோதனைக்கு ஆகும் செலவால் பெருக்கி, விலைப்பட்டியலையும் இணைத்திருந்தாள்.

"சம்பளத்துக்கு மட்டும் ஏன்டி இப்படி மழுப்புற?"

ஆய்வாளர் தலையைச் சொறிந்தாள். பிறகு கொட்டிவிட்டாள். "அமைப்பு ஒரு உச்சவரம்பு சொல்லியிருந்துச்சுக்கா. கருவி, ரசாயனம், வண்டி எல்லாம் போட்டேன். வரம்புல இருந்து கழிச்சேன். மீதி இருந்ததை அண்ணன் சம்பளம்னு போட்டுட்டேன்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா சிரித்தாள். "இந்தக் கட்டடத்துல எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. நீ ஒருத்திதான் வாய்விட்டுச் சொல்ற. சரி, கழிக்காம நேராப் போடு."

நிறுவனத்தின் சம்பள விகிதத்தை எடுத்தார்கள். அண்ணனுடைய நிலைக்கு மாதம் இருபத்திரண்டாயிரம். இரண்டாம் வருடம் நூற்றுக்கு ஐந்து உயர்வு. அதற்கு மேல் நிறுவனம் கட்ட வேண்டிய சேமநிதி நூற்றுக்குப் பன்னிரண்டு. கூட்டினால் ஆறு லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம்.

ஆய்வாளரின் முகம் செத்துப்போனது. மீதியில் வைத்தது போதவில்லை, ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் துண்டு விழுகிறது. மொத்தத்தைக் கூட்டவும் முடியாது. விகிதத்துக்குக் குறைவாக ஆளை வைக்க நிறுவனமும் விடாது. பொய்க்காவது ஒரு கணக்கு எழுதியிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள், உடனே வெட்கப்பட்டாள்.

"போச்சுக்கா. அண்ணனைப் போகச் சொல்லிட வேண்டியதுதான்."

"அழுவுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. வண்டி வாடகைக்கு ஆதாரம் எங்க?"

அவளுக்கு அந்த நேரத்தில் அக்காவைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. இருந்தாலும் வண்டிக்காரர் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி அச்சடித்து நீட்டினாள். அவளுடைய பக்கத்தில் இருந்த கணக்கு, மாதம் நான்கு நாள், இருபத்துநான்கு மாதம், தொண்ணூற்றாறு நாள். நாளுக்கு ஆறாயிரம்.

அக்கா பக்கத்தையும் பார்த்தாள், மின்னஞ்சலையும் பார்த்தாள். "இதுல மூவாயிரம்னு போட்டிருக்கே."

"அது போறதுக்குக்கா. வர்றதுக்கும் சேர்த்து ரெண்டால பெருக்கியிருக்கேன்."

"கீழ படி."

கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நாள் வாடகை, போய்வருவது, ஓட்டுநர், எரிபொருள் அனைத்தும் அடக்கம். ஆய்வாளர் அதை வாய்விட்டுப் படித்தாள். நாற்பது கிணற்றையும் துளி பிசகாமல் வரைபடத்தில் குறித்தவள், ஒரே வண்டியை ஒரே சாலையில் இரண்டு முறை வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறாள்!

"இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் கூட வச்சிருக்கேன்" என்றாள். சொன்னதும் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் மேசை என்றும் பாராமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

சம்பளத் துண்டு அடைபட்டது. அதற்கு மேலும் ஒன்றரை லட்சம் நின்றது. உடனே அவளுக்கு ஆசை வந்துவிட்டது. "அக்கா, ஒரு மடிக்கணினி போட்டுக்கவா?"

"கிணத்துக்கு எதுக்கு மடிக்கணினி? மொத்தம் குறைஞ்சா குறையட்டும். ஏன் குறைஞ்சுதுன்னு ஒரு வரி எழுது. வாடகையைத் தப்பாப் படிச்சுட்டேன்னே எழுது. வெக்கப்படாத."

வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதினாள். பக்கம் அன்று சாயங்காலமே போனது.

திங்கள் காலை அமைப்பிலிருந்து தொலைபேசி வந்தது. சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. திருத்திய தொகைக்கே ஒப்புதல், கடிதம் இன்றே வரும் என்றார்கள். பேசியவர், "வாடகை விஷயத்தை நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு, நாங்க அதைத்தான் கேக்க இருந்தோம்" என்று சாவகாசமாகச் சொன்னார். ஆய்வாளர் தொலைபேசியை வைத்துவிட்டுப் பக்கத்தைக் கையில் எடுத்தாள்.

ஓட்டமும் நடையுமாக ஆய்வகத்துக்குப் போனாள். பாட்டில் அண்ணன் ஈரக் கையோடு திரும்பினான். அவள் பக்கத்தை நீட்டினாள், அவனுடைய வரியைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான். விகிதம், மாதங்கள், உயர்வு, சேமநிதி.

"மேடம், இதுக்கு முன்னாடி மூணு திட்டத்துல இருந்திருக்கேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சம்பளம். ஒருதடவை முந்தினதை விடக் குறைச்சல். நம்ம வேலை சரியில்ல போலன்னு நெனச்சு, வீட்ல அதைச் சொல்லவே இல்ல."

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. "உங்க வேலையில ஒரு குறையும் இல்லண்ணே. நாங்கதான் உங்களைக் கடைசியில வச்சுக் கழிச்சோம்."

அவன் இன்னொரு முறை படித்தான். பிறகு ஜன்னலோரம் போய் மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏய், கட்டி வச்ச பெட்டியெல்லாம் பிரிச்சுடு. ஆமா, இங்கயேதான். இல்ல, சம்பளம் குறையல. இரு, எப்படி வந்துச்சுன்னே எழுதியிருக்காங்க, படிக்கிறேன் கேளு."