பதினோராம் எண்

தற்காலிகச் சான்றிதழ் அவள் கையில் இருந்தது. பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும் என்பதால், முதுகலையில் இடம் கொடுத்த வெளிப் பல்கலைக்கழகம் இப்போதைக்கு அதையே ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகம் மாறுவதற்கான மைக்ரேஷன் சான்றிதழில்தான் சிக்கல். முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் அசல் வந்து சேராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

கல்லூரி எழுத்தரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூட்டை. எதையும் தனியாக அனுப்பமாட்டார். இருபத்தைந்து சேர்ந்த பிறகு முதல்வர் கையெழுத்தோடு ஒரே கடிதம், ஒரே கட்டு.

இருபத்தொன்பதாம் தேதி அவளே பல்கலைக்கழகத்துக்குப் போனாள். சான்றிதழ் பிரிவு உதவியாளர் பதிவேட்டைப் புரட்டி, கட்டு திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது என்றாள்.

"பதினோராம் நம்பருக்கு டி.சி. நகல் இல்லம்மா. ஒண்ணு குறைஞ்சா மொத்தத்தையும் அனுப்பிடுவோம்."

மறுநாள் காலை கல்லூரி அலுவலகத்தில், பீரோவின் தலையில் அந்தக் கட்டு முத்திரை உடையாமல் கிடந்தது. பதினோராம் எண் அவளுடைய வகுப்பில் படித்தவன். வேலையில் சேர்ந்துவிட்டான், மேற்படிப்பு எண்ணமே போய்விட்டது, போனையும் எடுக்கவில்லை. அவன் பெயரை அடித்துவிடுங்கள் என்று மூட்டையிடம் கெஞ்சினாள். அதற்குப் புதுக் கடிதம் வேண்டும், முதல்வர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கிறார் என்றார். நாள் முழுக்க அவனுக்கே போன் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் தேதியும் அலுவலக வாசலில் அப்படியே போனது. மாலை ஐந்து அடித்தது.

கதவைப் பூட்டுமுன் மூட்டைக்கு என்ன தோன்றியதோ, மேசை இழுப்பறையிலிருந்து டி.சி. புத்தகத்தை எடுத்தார். பதினோராம் எண்ணுக்குக் கொடுத்த டி.சி.யின் அலுவலகப் பிரதி அதிலேயே இருந்தது. நகலெடுத்துக் கட்டில் செருக இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"இது இங்கதான் இருந்துச்சா சார்?"

"டி.சி. போடறதே நான்தானேம்மா. நேத்தே கேட்டிருக்கலாம்ல?"

இடம் போயிற்று. பன்னிரண்டாம் நாள் சான்றிதழ் தபாலில் வந்தது. அம்மா உறையைப் பிரிக்காமல் அடுக்களை அலமாரியில் வைத்தாள்.

பழைய பல்கலைக்கழகத்திலேயே சில இடங்கள் காலியாக இருப்பதாகவும், சனிக்கிழமையோடு சேர்க்கை முடிவதாகவும் கேள்விப்பட்டு அவள் ஓடினாள். அதே உதவியாளர் அதே பதிவேட்டைப் புரட்டினாள்.

"உனக்கு மைக்ரேஷன் போட்டாச்சே. அதைத் திருப்பிக் குடுத்து ரத்து பண்ணினாதான் இங்க சேர முடியும்."

யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். கல்லூரி வழியாகத்தான் வரவேண்டுமாம்.

மூட்டை உறையை வாங்கி, மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரே ஒரு தாள் இருந்தது.

"அடுத்த கட்டுல போயிடும்மா," என்றார். "இப்பதான் ரெண்டு சேர்ந்திருக்கு."