கைண்ட்லி ரிவர்ட்

எங்கள் மேனேஜர் வரதராஜுலுவுக்கு மெயில் எழுத இரண்டே இங்கிலீஷ் வார்த்தை போதும்: கைண்ட்லி, ரிவர்ட். ரிவர்ட் என்றால் அவருக்குப் பதில் போடு என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையால் 2013இல் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தார்.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி. போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் லைனை நிறுத்தும் புரோகிராமை நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியவள் நான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு கஸ்டமர் பார்க்க வருகிறார். லைன் நின்றால் எனக்கு வேலை நிரந்தரம்; நிற்காவிட்டால் திருநெல்வேலி பஸ். வியாழக்கிழமை என் பிராஞ்சை, அதாவது நான் தனியாக எழுதி வைத்திருந்த பிரதியை, லைனை ஓட்டும் மூலப் பிரதியான மாஸ்டரில் மெர்ஜ் செய்தார்கள், அதாவது சேர்த்தார்கள்.

அன்று மாலை வரதராஜுலு மெயில் போட்டார்: "முப்பிடாதி மெர்ஜ், கைண்ட்லி ரிவர்ட்." முப்பிடாதி நான்தான்; என் மெர்ஜ் சேர்ந்துவிட்டதா, பதில் சொல். அவ்வளவுதான். மாஸ்டருக்குப் பொறுப்பான சக்திகுமார் படப்பைக்காரன், சொன்னதை அப்படியே செய்கிறவன். புரோகிராம் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்கிற மென்பொருளில் ரிவர்ட் என்றால் செய்ததைத் திருப்பிவிடுவது; அவன் என் மெர்ஜையே ரிவர்ட் செய்து, "டன் சார்" என்று பதிலும் போட்டான். அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை தளர்ந்த போல்ட்டை வைத்துப் பார்த்தேன். லைன் அது பாட்டுக்கு ஓடியது; மாஸ்டரைத் திறந்தால் சக்தி என் மெர்ஜைத் தூக்கியிருந்தான்.

"யாரக் கேட்டுத் தூக்குன?" என்று சக்தியிடம் பாய்ந்தேன்.

"சாரே எழுதிக்கீறாரு, பாரு. இப்போ இன்னா, திரும்ப மெர்ஜ் பண்ணிட்டா முடிஞ்சுது."

பண்ணினான். 'ஆல்ரெடி அப்-டு-டேட்' என்றது கிட்.

பின்னால் வந்து நின்ற வரதராஜுலு, "அதான் அப்-டு-டேட்னு வந்துட்ச்சே, அப்புறம் இன்னாம்மா?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கிட் பொய் சொல்லவில்லை. என் கமிட்டுகள், அதாவது நான் பதிந்த மாற்றங்கள், மாஸ்டரின் வரலாற்றில் இருக்கத்தான் செய்தன. ரிவர்ட் அவற்றை அழிப்பதில்லை. அவை செய்ததைத் தலைகீழாக்கும் இன்னொரு கமிட்டை மேலே போடும். அதனால் மறுபடி சேர்க்க கிட்டுக்கு எதுவும் மிச்சமில்லை. நான் புதிதாக ஏதாவது எழுதியிருந்தால்கூட அது மட்டும்தான் உள்ளே போயிருக்கும். நான்கு மாத உழைப்பு வாசலிலேயே நின்றிருக்கும்.

"சக்தி, நீ போட்ட ரிவர்ட்ட ரிவர்ட் பண்ணு."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "பதில் போடணுமா, திருப்பணுமா? தெளிவா சொல்லு."

"திருப்பித் தொலை!"

திருப்பினான். பதினொரு மணிக்கு கஸ்டமர் முன்னால் தளர்ந்த போல்ட் வந்தது; லைன் டக்கென்று நின்றது. லைன் நின்றதற்குக் கைதட்டல் வாங்கியவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் வரதராஜுலு எச்.ஆருக்கு மெயில் அனுப்பினார். எனக்கும் ஒரு நகல் வந்தது: "முப்பிடாதி வேலை நிரந்தரம். கைண்ட்லி ரிவர்ட்."

எச்.ஆரில் கிட் தெரிந்தவர் யாரும் இல்லை என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் கேன்டீனுக்குப் போனேன்.