கறுப்புக்குள் கறுப்பு

அனந்தபத்மநாபன் சென்னைக்குப் போக வேண்டும் என்று அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவள் சாருலதா. பள்ளி வேன் எங்கே நிற்கிறது, பிள்ளை ஏறியதா இறங்கியதா என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி விற்கிற கம்பெனி அது. மதுரைக் கிளைக்கு அவர் தலைவர், அவள் அடுத்த இடம். பேரையூர்ப் பக்கத்தில் நாலு பள்ளிக்கூடம் நடத்தும் வெள்ளைத்துரையின் ஆர்டர் கிடைத்துவிட்டால் அவருக்குச் சென்னையில் மண்டலப் பதவி, இவளுக்கு இங்கே அவருடைய நாற்காலி. இதை மேலிடத்தில் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள்.

அனந்தபத்மநாபனுக்குப் பிரசங்கம் ஒரு வியாதி. நிறத்தைப் பற்றியென்றால் வியாதி முற்றிவிடும். சாருலதா டவுன்ஹால் ரோட்டில் அரை மணி நேரம் நின்று வாங்கிய போன் உறைதான் போன மாசம் அவர் கண்ணில் பட்டது. கடைக்காரனின் பொறுமையைச் சோதித்தே அவள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒவ்வொரு உறையையும் தன் கைப்பைக்குள் போட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பையின் உள்துணி கறுப்பு. கறுப்பும் கருநீலமும் உள்ளே போனதும் காணாமல் போயின. வெள்ளை பளிச்சென்று தெரிந்தது, ஆனால் பேனா மசியும் கைவியர்வையும் பத்து நாளில் அதை அழுக்காக்கும். கண்ணாடி போன்றது கொஞ்ச நாளில் பழுத்துப்போகும். சிவப்பு எடுக்கலாமென்றால் பர்ஸ் ஏற்கெனவே சிவப்பு. கடைசியில் கடுகு மஞ்சள். லேப்டாப் உறை பெரிய சாமான், கைக்கே தட்டுப்படும், அதற்குக் கத்துகிற நிறம் எதற்கென்று சாம்பல் நிறத்தில் எடுத்தாள். இரண்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாரோ யோசித்து வாங்கியதுபோல இருக்கும். யோசித்துத்தானே வாங்கினாள்.

வாராந்திரக் கூட்டத்தில் அனந்தபத்மநாபன் அந்த மஞ்சள் உறையை இரண்டு விரலால் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். நிறம் என்பது குணம் என்றார். உலகத்தில் பெரிய மனிதர்கள் கையில் என்ன நிறம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் கறுப்பு.

“இது என்னம்மா, ஷேர் ஆட்டோவா? அவனியாபுரம், வில்லாபுரம்னு கூப்பிட்டு ஆள் ஏத்தலாம் போலருக்கே.”

எல்லாரும் சிரித்தார்கள். சாருலதாவும் சிரிக்க வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மறுநாளே அவர் செலவில், அதாவது கம்பெனி செலவில், ஆளுக்கொரு கறுப்புப் பை, கறுப்பு லேப்டாப் உறை, கறுப்பு போன் உறை வந்தது. பைக்கு உள்ளேயும் கறுப்பு. ஒரே அணி, ஒரே தோற்றம் என்று அதற்கும் ஒரு பிரசங்கம். மஞ்சள் உறையைத் துப்புரவுப் பணியாளர் ஒச்சம்மாளுக்குத் தானமாகக் கொடுக்கச் சொன்னார். ஒச்சம்மாளின் போனுக்கு அது பொருந்தாது என்பது கொடுக்கச் சொன்னவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

வெள்ளைத்துரையின் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போனார்கள். சாருலதா, அனந்தபத்மநாபன், விற்பனை பார்க்கும் அழகுபாண்டி. வழியெல்லாம் அவர் சென்னையில் பார்க்க வேண்டிய வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார், வாசல் கிழக்குப் பார்க்க வேண்டுமாம். கார் நின்றதும் பேசிக்கொண்டே போனை லேப்டாப் உறையின் முன்பைக்குள், சார்ஜரோடு சார்ஜராக, செருகினார். சாருலதா பார்த்தாள்.

அறைக்குள் வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். நிலக்கடலையில் வந்த காசைப் பள்ளிக்கூடத்தில் போட்டவர், பேச்சில் சிக்கனம். அனந்தபத்மநாபன் லேப்டாப்பை உருவி, உறையைப் பைக்குள் போட்டுவிட்டு, திரைக்கு முன்னால் நின்று முன்னுரையை ஆரம்பித்தார். குழந்தை என்பது நாட்டின் சொத்து, அந்தச் சொத்து ஒரு கணமும் நம் பார்வையிலிருந்து தப்பக் கூடாது என்றார். பிறகு செயலிக்குள் நுழைய முயன்றார். போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது திரை.

சட்டைப்பையைத் தொட்டார். பேன்ட்டைத் தொட்டார். பைக்குள் கையை விட்டார்.

அழகுபாண்டி தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். அந்தப் பக்கம் அடிக்கிறது, இந்தப் பக்கம் சத்தமே இல்லை. கூட்டத்தில் அதிர்வுகூடக் கண்ணியக் குறைவு என்று அதையும் அணைத்து வைக்கிறவர் அவர். தொலைந்த போனைக் கத்த வைக்கும் வசதி உண்டே என்று லேப்டாப்பில் போனால், அது கடவுச்சொல்லைக் கேட்டது. அவருக்கு அது ஞாபகமில்லை. திரை எல்லாவற்றையும் சுவர் அகலத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

பைக்குள் எட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் பார்ப்பதுபோல இருந்திருக்கும். உறையை எடுத்துக் கையில் கனம் பார்த்தார், சார்ஜர் என்று மேசையில் வைத்தார். பிறகு பையை அப்படியே கவிழ்த்தார். தலைக்குச் சாயம் பூசும் பாக்கெட் விழுந்தது. வாயு மாத்திரை விழுந்தது. பாதி தின்று மடித்து வைத்த கடலை மிட்டாய் விழுந்தது. விபூதிப் பொட்டலம் பிரிந்து எல்லாவற்றின் மேலும் சிதறியது. போன் விழவில்லை.

சாருலதாவுக்கு இரண்டடி தூரத்தில் அந்த உறை. கையை நீட்டினால் போதும். நீட்டினால் ஆர்டர், ஆர்டர் என்றால் சென்னை, சென்னை என்றால் அந்த நாற்காலி. எல்லாம் தெரியும். ஆனால் அவர் மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார், மேலே தூக்கிய இடுப்பில் பனியன் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம், என்று நினைத்தாள். ஷேர் ஆட்டோ என்றாரே, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்.

“காரில பாத்துட்டு வாரேன் சார்,” என்று அழகுபாண்டி ஓடினான்.

“நானும் நல்லாத் தேடிப் பார்த்தேன் சார்,” என்றாள் சாருலதா, கையைக் கட்டிக்கொண்டு.

மூன்றாவது தடவையும் ஓடிபி காலாவதியாகி, கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள் என்று செயலி கதவைச் சாத்திக்கொண்டது. வெள்ளைத்துரை எழுந்தார். விபூதி படிந்த கடலை மிட்டாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் சார், ஒரு போனு. அதுவும் உங்க போனு, உங்க பையி. எங்கிட்ட அம்புட்டுப் புள்ளைக இருக்கு சார்.”

அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ஆளை அனுப்பினார், தான் திரும்பி வரவில்லை.

அந்த ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. கவனித்தபோது சாருலதாவின் கை இன்னும் கட்டியே இருந்தது.

லேப்டாப்பை உறையில் திணிக்கும்போது போன் தானாக அகப்பட்டது. அனந்தபத்மநாபன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது சென்னை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. திருமங்கலம் தாண்டியதும், உறை வாங்கி வந்த அழகுபாண்டிக்கு ரசனை போதாது, முன்பை ஒரு பிழையான வடிவமைப்பு என்று ஆரம்பித்தார். அழகுபாண்டி சரிங்க சார் என்றான்.

மண்டலப் பதவி கோயம்புத்தூர்க்காரருக்குப் போயிற்று. சேதி வந்த அன்று அலுவலகத்தில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அனந்தபத்மநாபன் சாருலதாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அழுதிருப்பார் போலிருந்தது, அல்லது சாயம் கண்ணில் பட்டிருக்கும். ஓய்வு பெறும்வரை மதுரையிலேயே இருந்துவிடுவது என்று தானே முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னார். ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருஷம்.

“அன்னைக்கு எல்லாரும் ஓடினாங்க. நீங்க ஒருத்திதான் பதறாம நின்னீங்க. அந்த நிதானம் எனக்கு வேணும்.”

போனை அவள் பக்கமாக மேசையில் தள்ளினார். இனிமேல் வெளியே போகும்போதெல்லாம் அது அவள் கையில்தான் இருக்க வேண்டும், கூட்டம் என்றாலும் சாப்பாடு என்றாலும். பையும் அவளே தூக்கினால் உத்தமம்.

சாருலதா எடுத்துக்கொண்டாள். கையில் எடுத்ததுமே அழைப்பு வந்தது, சத்தமில்லாமல். அவருடைய மனைவி.

“சொல்லுங்க மேடம்,” என்றாள். “சார் இங்கதான் இருக்கார்.”