மூன்று மணிப் புகை

இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஒரு கல்வி அறக்கட்டளையின் பழைய அலுவலகம் இருக்கிறது. பதினோரு பள்ளிகளின் மதிப்பெண், சம்பளம், சேர்க்கை எல்லாம் அதன் கீழ்த்தளத்தில் உள்ள சர்வர் அறையில்தான். கட்டடம் நூறு வருஷத்துக்குப் பக்கம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அதை மறைத்து கீழே வெள்ளை ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள்.

புகையைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பராமரிக்கும் வேலை ஹெப்சியுடையது. வழக்கமாகக் கூரையில் ஒட்டியிருக்கும் வட்டமான டிடெக்டர் அல்ல இது. சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிறிய விசிறி. பெட்டியிலிருந்து சிவப்பு பைப் ஒன்று கூரையடியில் ஓடும். பைப்பில் இடைவெளி விட்டுத் துளைகள். விசிறி அந்தத் துளைகள் வழியே அறையின் காற்றை ஓயாமல் உறிஞ்சி, பெட்டிக்குள் லேசர் ஒளியில் சோதிக்கும். கண்ணுக்குத் தெரியாத புகையைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் ஒரு குறை உண்டு. எல்லாத் துளைகளின் காற்றும் ஒரே பைப்பில் கலந்து வருவதால், புகை எந்தத் துளையில் நுழைந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

இதை ஹெப்சி ஐம்பது பேருக்காவது விளக்கியிருப்பாள்.

மார்ச் மாதம் ஐ.டி. மேலாளர் ராகவேந்திரா அவளை அழைத்தார். தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் முதல்நிலை எச்சரிக்கை அடிக்கிறது, கால்மணி நேரத்தில் தானாக அடங்குகிறது, ஆபீஸே பேஜாராகிவிட்டது என்றார்.

ஹெப்சி லேப்டாப்பை இணைத்து பதிவுகளை எடுத்தாள். ஒரு மாத வரைபடம். காலை முழுக்கத் தட்டையான கோடு. மூன்று மணி தாண்டியதும் ஒரு மேடு. மூன்றரைக்குள் மறுபடி தட்டை. மேட்டின் உச்சியில் புகையால் ஒளி மங்கிய அளவு மீட்டருக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு சதவீதம். எச்சரிக்கை வைத்திருந்த அளவு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து.

பைப் பொருத்தியபோது வரைந்த டிராயிங் தாளில் பன்னிரண்டு துளைகள் இருந்தன. ஒரே துளையில் புகை நுழைந்தால் மற்ற பதினோரு துளைகளின் சுத்தக் காற்று அதை நீர்க்கச் செய்துவிடும். அப்படியானால் துளையருகே புகை பன்னிரண்டு மடங்கு, சுமார் பூஜ்யம் புள்ளி ஏழு. யாராவது பக்கத்தில் நின்று பீடியோ சிகரெட்டோ பிடித்தால் வருகிற அளவு. அவள் வாய்விட்டுத்தான் கணக்குப் போட்டாள். ராகவேந்திரா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்கு இந்த ரூமுக்குள்ள யாரு சார் வருவாங்க?"

கதவைத் திறக்கும் அட்டைகளின் பதிவை அவரே எடுத்துக் கொடுத்தார். தினமும் மூன்று மணிக்கு ஒரே பெயர். ஞாயிற்றுக்கிழமைகூட.

ஏசுதாசன் அங்கே பத்தொன்பது வருஷமாக உதவியாளர். வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்த பிறகு சிட்லபாக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். அறையில் இரண்டு ஏசி. ஒன்று அதிகாலை மூன்றிலிருந்து மதியம் மூன்று வரை, மற்றது மதியம் மூன்றிலிருந்து. தானாக மாறும்போது இரண்டாவது ஏசி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அவர் உள்ளே போவார். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ராகவேந்திரா அவரை அழைத்தார். அவருடைய அலமாரியில் ஒரு தீப்பெட்டி இருந்தது.

"அது பேன்ட்ரி ஸ்டவ்வுக்கு சார். பீடிய வுட்டு பதினோரு வருஷம் ஆச்சு. என் சம்சாரம் போனப்போ வுட்டது. இவ்ளோ நாள் கழிச்சு சர்வர் ரூம்ல போயி குடிப்பனா?"

"அப்போ புகை எங்கேர்ந்து வருது ஏசுதாசன்? நீங்க உள்ள போற நேரத்துக்குத்தான் வருது."

ஏசுதாசன் ஹெப்சியைப் பார்த்தார். "மேடம், மேல போற பைப்ப பாத்தீங்களா? இத மாட்டும்போது ஏணி புடிச்சது நான்தான். சீலிங்குக்கு மேலயும் ஒண்ணு கீது."

ஹெப்சி தாளைப் புரட்டினாள். அவள் கம்பெனி பொருத்திய கருவி அல்ல அது. முந்தைய ஒப்பந்தக்காரர் போட்டது. தாளில் அவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"டிராயிங்ல அப்படி எதுவும் இல்லண்ணா."

"டிராயிங்ல இல்லாட்டி இன்னா மேடம், பைப் கீதே."

அவள் ஏணி கேட்டிருக்கலாம். அன்று பல்லாவரத்தில் இன்னொரு இடத்துக்கு நாலரை மணிக்குப் போக வேண்டியிருந்தது. காற்றோட்ட அளவு தாளில் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக இருந்ததையும் பார்த்தாள். விசிறி புதிதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ரிப்போர்ட்டில், 'அறைக்குள் புகைபிடித்ததால் இருக்கலாம். நேரமும் நபர் நுழைவும் ஒத்துப்போகின்றன' என்று எழுதினாள்.

கிளம்பும்போது ராகவேந்திரா, "எச்சரிக்கை அளவக் கொஞ்சம் ஏத்தி விட்டுடுங்க மேடம். சும்மா சும்மா அடிச்சா யாரும் மதிக்க மாட்டாங்க" என்றார். அவள் பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்துக்கு ஏற்றிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ஏசுதாசனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன்பின் எச்சரிக்கை அடிக்கவில்லை. ராகவேந்திரா வாட்ஸாப்பில் அனுப்பினார்: 'ஆள் போனதும் அலாரம் நின்னுடுச்சு பாருங்க. தேங்க்ஸ்.' ஹெப்சி கட்டைவிரல் உயர்த்திய படத்தை பதிலாக அனுப்பினாள்.

ஜூன் மாதம் காலாண்டுப் பராமரிப்புக்கு வந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து, வடிகட்டியை மாற்றி, லேப்டாப்பை இணைத்திருந்தாள். மூன்று மணிக்கு முதல் ஏசி நின்று இரண்டாவது ஏசி உறுமிக்கொண்டு கிளம்பியது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மூன்று ஏழுக்குத் திரையில் கோடு எழுந்தது. மூன்று பன்னிரண்டுக்கு எச்சரிக்கை அடித்தது. பூஜ்யம் புள்ளி ஒன்று ஏழு.

மூன்று மாதப் பதிவுகளையும் திறந்தாள். மார்ச் முடிவு, ஏப்ரல், மே. ஒரு நாள் தவறாமல் மூன்று மணி மேடு. ஏசுதாசன் போன மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். வாராவாரம் உயரம் கூடிக்கொண்டே வந்திருந்தது. புகை நிற்கவேயில்லை. எச்சரிக்கை அடிக்காதபடி அவள்தான் அளவை ஏற்றி வைத்திருந்தாள்.

உடனே ராகவேந்திராவைக் கூப்பிட்டு இரண்டாவது ஏசியின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னாள். ஏணி வரவழைத்து, தாளில் இருந்த பன்னிரண்டு துளைகளையும் ஒவ்வொன்றாக டேப் ஒட்டி அடைத்தாள். எல்லாத் துளையும் அடைந்தால் காற்று வருவது அநேகமாக நின்றுபோக வேண்டும். நிற்கவில்லை. பாதிக்கும் குறைவாக வந்தாலும், எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. திரையில் புகைக்கோடு இறங்குவதற்குப் பதில் ஏறியது. புகையை நீர்க்கச் செய்ய இப்போது சுத்தக் காற்று இல்லை.

பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போனாள். சுவர் மூலையில், கேபிள் தட்டுக்குப் பின்னால், பைப் கிளை பிரிந்து சீலிங் பலகைக்குள் மேலேறியது. பலகையைத் தள்ளித் தலையை நுழைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு பைப், அதில் நான்கு துளைகள். ஒரு துளையிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டாவது ஏசிக்குப் போகும் கரண்ட் இணைப்புப் பெட்டி. அதன் மூடி உருகி வளைந்திருந்தது. திருகு தளர்ந்த இணைப்பு. கம்ப்ரசர் முழு வேகத்தில் இழுக்கும் முதல் அரைமணி நேரம் அது சூடேறி, ஒயரின் உறை கருகியிருக்கிறது. அறை குளிர்ந்து கம்ப்ரசர் ஓய்ந்ததும் ஆறியிருக்கிறது. ஏசுதாசனும் புகையும் ஒரே நேரத்தில் வந்ததற்குக் காரணம் அந்த ஏசிதான். பெட்டிக்கு மேலே தேக்கு உத்தரம் ஒரு சாண் நீளத்துக்குக் கரியாகியிருந்தது.

இறங்கி வந்து ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லவேளை மேடம், கண்டுபிடிச்சீங்க. கட்டடமே போயிருக்கும்" என்றார் ராகவேந்திரா.

"அவர் அன்னிக்கே சொன்னாரு சார். மேல ஒரு பைப் இருக்குன்னு சொன்னாரு."

ராகவேந்திரா சீலிங்கைப் பார்த்தார். பிறகு, "திரும்பக் கூப்பிட்டுக்கலாம். ஹெச்.ஆர். கிட்ட பேசறேன்" என்றார்.

மறுநாள் காலை ஹெப்சி ஸ்கூட்டரில் சிட்லபாக்கம் போனாள். ஏரிக்குப் பின்தெருவில் மாடி வீடு. கதவைத் திறந்தது மகள் ஜோசலின். பள்ளி ஆசிரியை; முப்பது வயதிருக்கும். ஹெப்சி தன் பெயரையும் கம்பெனியையும் சொல்லி, ஏசுதாசனைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஜோசலின் நிலைப்படியிலேயே நின்றாள். "அப்பா இல்லையே. போன மாசம் இருபதாம் தேதி தவறிட்டாரு. ஹார்ட்டு."

ஜோசலினே, "உள்ள வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க" என்று அழைத்தாள்.

வரவேற்பறையில் புகைப்படத்துக்கு மாலை. கீழே ஒரு வயதான பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஏசுதாசனின் அக்கா ஜெயசீலி என்று ஜோசலின் சொன்னாள். காது சற்று மந்தம்.

ஜோசலின் கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமல் ஹெப்சி எல்லாவற்றையும் சொன்னாள். இணைப்புப் பெட்டி, மூன்று மணி, தாளில் இல்லாத பைப். தான் எழுதிய வரி, தான் ஏற்றிய அளவு. எதையும் குறைக்கவில்லை.

"அவர் பீடி குடிக்கல. ஒரு நாளும் குடிக்கல. தப்பு என்னோடது."

ஜோசலின் திரும்பிப் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"என்கிட்டயும் சொன்னாரு. ஒவ்வொரு நாளும் சொன்னாரு. நான் நம்பலக்கா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மெஷின் பொய் சொல்லாதுப்பான்னு சொன்னேன். பாப்பாவத் தூக்காதீங்க, பீடி வாடை அடிக்கும்னு சொன்னேன். அப்புறம் அவர் பாப்பாகிட்ட போகவே மாட்டாரு. தூக்கறதுக்கு முன்னாடி சட்டைய மோந்து மோந்து பாத்துட்டு, தூக்காமலே போயிடுவாரு."

ஹெப்சியால் அழக்கூட முடியவில்லை. அழுவதற்குத் தனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றியது.

"மெஷின் பொய் சொல்லலம்மா. புகை வந்துச்சுன்னுதான் சொல்லுச்சு. யாருன்னு அதுக்குத் தெரியாது. யாருன்னு சொன்னது நான்."

ஜெயசீலி கத்தியை வைத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னாடி ஜோசு? இந்தப் பொண்ணு யாரு? ஏன் அழுவற?"

"அப்பா ஆபீஸ்லேர்ந்து அத்தே."

"அவன் மேல இன்னும் இன்னா சொல்றாங்களாம்?"

ஜோசலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெப்சியிடம் திரும்பினாள். "அத்தையும் அவர்கிட்ட ரெண்டு மாசமா பேசலக்கா. அம்மாவுக்குக் குடுத்த வாக்க மீறிட்டான்னு கோவம். அவங்களுக்கும் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லணும்."

ஹெப்சி நாற்காலியிலிருந்து எழுந்து ஜெயசீலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.