அய்யப்பன் பேருக்கு விழுந்த டிப்ஸ்

காரைக்குடி ஓட்டலில் சத்தியப்பிரியா சப்ளையராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அய்யப்பன் வேலையை விட்டுத் திருப்பூர் போனதும், அவன் பார்த்த நான்கு மேசைகள் அவளுக்கு வந்தன. மேசைக் கண்ணாடிக்கு அடியில் டிப்ஸுக்கென்றே ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். சாப்பிட்டவர் போனில் ஸ்கேன் செய்து, "போட்டுட்டேம்மா" என்று கிளம்புவார். அவளும் சிரித்து வைப்பாள். எல்லாம் பொதுவில் சேர்ந்து மாதக் கடைசியில் பிரித்துத் தருவார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். யாரைக் கேட்பது? மேனேஜர் உடையப்பனிடம் வாயைத் திறந்தாலே, "மொதல்ல அங்குட்டு இலையைப் போடு" என்பார்.

முதலாளி முருகப்பன் இருப்பது சென்னையில். எந்த சப்ளையரின் கோடுக்கு எவ்வளவு டிப்ஸ் என்று மாதாமாதம் அவர் போனுக்குப் பட்டியல் வந்துவிடும். அதுதான் அவருக்கு வேதவாக்கு. இந்த மாதப் பட்டியல் வந்ததும் உடையப்பனைப் போனில் கூப்பிட்டார்.

"அய்யப்பனுக்கு நாலாயிரத்து எண்ணூறு விழுந்திருக்கு. அந்தப் புதுப் பொண்ணு பேரே காணோம். ஒருத்தருக்கும் பத்து ரூபா குடுக்க மனசு வரலைன்னா என்ன லட்சணத்துல பரிமாறுது? நிப்பாட்டிரு. அய்யப்பனுக்குச் சம்பளத்தைக் கூட்டு."

அய்யப்பன் போனதையே சொல்லாமல் மறைத்திருந்த உடையப்பன், "சரிங்கண்ணே" என்றார். வேறென்ன சொல்வார், பாவம்!

சத்தியப்பிரியாவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. "ஞாயித்துக்கிழமையோட நின்னுக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டார் உடையப்பன்.

அந்த ஞாயிறு, ஒரு கல்யாணத்துக்கு வந்த முருகப்பன் தன் ஓட்டலிலேயே சாப்பிட உட்கார்ந்தார், அவள் மேசையில். போகிற அன்றைக்கு என்ன பயம்? வெள்ளைப் பணியாரத்துக்குக் கேட்காமலே இன்னும் கொஞ்சம் காரச் சட்னி வைத்தாள். மனிதர் குளிர்ந்துபோய், நூறு ரூபாய் போடலாமென்று ஸ்கேன் செய்தார். திரையில் அய்யப்பன் என்று பெயர் வந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீதான் அய்யப்பனா?"

"இல்லைங்கய்யா, சத்தியப்பிரியா. அவரு போயி ஒரு மாசமாச்சு. ஏன், அதுல இன்னும் அவரு பேரா வருது?"

உடையப்பன் ஃபேனை ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி அண்ணாந்து நின்றார்.

மாலைக்குள் நான்கு மேசையிலும் கண்ணாடியைத் தூக்கி அவள் பேரில் புதுக் கோடு ஒட்டியாயிற்று. வேலையும் தப்பியது. ஆனால் போன மாத டிப்ஸ் நேரே அய்யப்பனின் பேங்குக் கணக்கில் விழுந்திருந்தது. முதலாளியே நினைத்தாலும் எடுக்க முடியாது. அவன் மனசு வைத்தால் உண்டு. நம்பரை வாங்கிக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.



"அது ஒங்க காசாக்கா? நம்ம வாடிக்கைக்காரவுக மறக்காம அனுப்புறாகன்னுல்ல நெனச்சேன். இங்குட்டு நம்மள யாருக்கும் தெரியாதுக்கா. போன் டிங்குன்னா ஒரு சந்தோசம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பணம் வந்துவிட்டது, ஒரு ரூபாய் குறையாமல்.

"ஒங்கள வெசாரிக்காத ஆளில்லை, தம்பி" என்றாள். "தெனமும் கேக்குறாக."

ஒருத்தரும் கேட்டதில்லை.