புகார் சொன்னவர் பெயரையும் போடு

வெல்டிங் வேலை செய்பவர்களுக்கான தோல் ஏப்ரனும் கையுறையும் தைக்கிற அந்தப் பட்டறையில் வெட்டுவது அண்ணி, தைப்பதும் கணக்கு வழக்கும் சிட்டு. இருவரும் அண்ணியும் நாத்தனாரும். வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை என்றாலும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்கு வேலை ஓடாது.

பெரிய டேங்குகள் செய்யும் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவு, புதிதாகச் சப்ளையர்களைச் சேர்ப்பதாக அறிவித்திருந்தது. விருப்பமுள்ளவர்கள் அறிமுக மெயிலோடு ஆவணங்களை அனுப்ப வேண்டும். சிட்டு வெட்டு மேசையின் ஓரத்திலிருந்த தோல் துண்டுகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டாள்.

"‘பாதுகாப்பு உடைத் துறையில் முன்னணி நிறுவனமாகிய நாங்கள்...’" என்று உரக்கப் படித்தாள்.

கத்தரியை நிறுத்தினாள் அண்ணி. "முன்னணியா? நாமளா? சந்துக்குள்ள திரும்பி, பின்பக்கமா வந்தாத்தான் நம்ம கதவே தெரியும்."

"மெயில்னா அப்படித்தான் எழுதணும் அண்ணி."

"நாம என்ன தைக்கிறோம், எந்தத் தோல், எந்த நூல், அதை எழுது. அவங்க வாங்கப்போறது அதைத்தானே?"

முணுமுணுத்துக்கொண்டே அழித்தாள் சிட்டு. தொழில் பதிவுச் சான்றிதழ், வரிப் பதிவு, வங்கிக் கணக்கை உறுதிசெய்து வங்கி கொடுத்த கடிதம், தோலுக்கான பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் இணைத்தாள். பெயர் எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது: ஏற்கெனவே வாங்கியவர்களில் இருவர் பெயர், தொலைபேசி எண்ணோடு.

"இரும்பு கேட் செய்றவர் ஒருத்தர். இன்னொருத்தர் யாரைப் போடலாம்?"

"மூக்குக்கண்ணாடிக்காரர்."

சிட்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரில் பட்டறை வைத்திருக்கும் அந்த மனிதர் போன வருடம் இதே வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தார். நூல் கடைக்காரர் தீப்பொறி தாங்கும் நூல் என்று சொல்லி வேறெதையோ கொடுத்துவிட, ஏப்ரன்களின் தையல் தீப்பொறி பட்டதும் பிரிந்துவிட்டது. அண்ணியும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினாள். ஆனால் கத்திக்கொண்டே ஏப்ரன்களை எல்லாம் திரும்ப வாங்கி, சரியான நூல் போட்டு மறுபடி தைக்கவைத்துக் கொடுத்தாள்.

"அவர் நம்மளக் கிழிகிழின்னு கிழிச்சுடுவாரு அண்ணி!"

"கிழிக்கட்டுமே. அப்புறமும் ரெண்டு தடவை நம்மகிட்டத்தானே வாங்கினாரு? நல்லா இருந்தப்பவும் பாத்தவரு, கெட்டுப்போனப்பவும் பாத்தவரு. போடு."

அரைமனதோடு போட்டாள். பட்டறைப் படங்கள் கனமாக இருந்ததால் மெயில் ஒருமுறை திரும்பி வந்தது. படங்களைச் சிறிதாக்கி மறுபடி அனுப்பினாள். வரிப் பதிவுச் சான்றிதழின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கிறது, திரும்ப ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. சிட்டு தையலுக்குத் தையல் மெயிலைத் திறந்து பார்ப்பதும், கிரில் பட்டறை வழியாகப் போகாமல் சுற்றிப் போவதுமாக இருந்தாள்.

ஒரு மதியம் போன் வந்தது. கொள்முதல் பிரிவு மேடம். சிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க கொடுத்த நம்பருக்குப் பேசினேங்க. ஒருத்தர் ‘நல்ல பொருள், நேரத்துக்கு வரும்’னாரு. எல்லாரும் சொல்றதுதான். இன்னொருத்தர் உங்களப் பத்தி ரொம்ப நேரம் புகார் சொன்னாரு."

சிட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தையல் பிரிஞ்சதச் சொன்னாரு. உங்க அண்ணிக்கு வாய் ஜாஸ்தின்னு சொன்னாரு. கடைசியில, ‘ஆனா மேடம், பழுதுன்னு சொன்னதும், எத்தனை பிரிஞ்சிருக்குன்னு நான் எண்ணிப் பாக்குறதுக்குள்ள வண்டியோட வந்து நின்னுட்டாங்க. பிரியாததையும் சேர்த்துப் பிரிச்சுத் தைச்சுக் கொடுத்தாங்க. வேற எங்கயும் வாங்க மாட்டேன்’னாரு. அப்ப என்ன நூல் மாத்தினீங்க?"

அண்ணி போன் பக்கம் குனிந்து நூலின் பெயரைச் சொன்னாள், இப்போது ஒவ்வொரு நூல்கண்டிலும் ஒரு இழையைத் தீயில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவதையும் சொன்னாள்.

மறுபக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். "சரிங்க. எங்க பக்கம் ஒப்புதல் முடிஞ்சதும் சப்ளையர் எண் மெயில்ல வரும். ஆர்டர்னு நினைச்சுடாதீங்க, விலை கேக்கும்போது உங்களையும் கேப்போம், அவ்வளவுதான்."

"அதுவே போதும் மேடம்," என்றாள் சிட்டு.

எண் வந்தது. அதற்கடுத்த வாரம் முதல் விலை விசாரணையும் வந்தது: ஏப்ரன், கூடவே மாதிரிக்கு ஒன்று, உயரமான ஆட்களுக்கு.

"எவ்வளவு உயரமாம்?" என்றாள் அண்ணி.

சிட்டு அளவைச் சொன்னாள். அண்ணி விசிலடித்தாள். "டேங்குக்குப் போட்டுவிடவா, மனுஷனுக்கா?"

இருவரும் சிரித்துக்கொண்டே பெரிய தோலைத் தேடி அலமாரியைக் கலைக்கத் தொடங்கினார்கள்.