தபால் ஆபீஸ் வட்டியும் பேங்க் மேனேஜரும்

அந்த பேங்க் மேனேஜருக்கு வருடாவருடம் வரிக்கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பது நான்தான். ஊருக்கு முந்தி ரிட்டர்ன் போட்டுவிட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு. இந்த முறையும் அப்படித்தான். "இன்னும் நாலு வாரம் பொறுங்க சார், வரித்துறையோட தகவல் அறிக்கையில உங்க வருமானமெல்லாம் ஏறட்டும்" என்றேன். யார் கேட்டார்கள்?

சில மாதங்கள் கழித்து, முகம் தொங்கிப்போய் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வரித்துறையிலிருந்து ஈமெயில் வந்திருந்தது. தகவல் அறிக்கையில் தபால் ஆபீஸ் வட்டி இருக்கிறது, உங்கள் ரிட்டர்னில் இல்லை, என்ன சங்கதி என்று கேட்டிருந்தார்கள்.

"இது உங்களோடதா சார்? இல்லேன்னா தவறுன்னு பதில் போட்டுடலாம்."

அவர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "என்னோடதுதான். மெதுவாப் பேசுங்க."

விஷயம் இதுதான். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் அவரைக் கிண்டல் செய்வது மேனேஜரின் வழக்கம். "உங்க ஆபீஸ்ல இன்னும் பசை தடவிக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்பார். அப்படிப்பட்டவர், வட்டி கூடுதலாக வருகிறதென்று, ஊரின் மறுகோடியில் உள்ள தபால் ஆபீஸில் திருட்டுத்தனமாக ஒரு சேமிப்புக் கணக்கும் டெபாசிட்டும் போட்டு வைத்திருந்தார்.

"சரி, என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"அவங்களாவது கம்ப்யூட்டர்ல தகவல் அனுப்புறதாவதுன்னு நினைச்சேன்."

தன் கிண்டலைத் தானே நம்பிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திருத்திய ரிட்டர்ன் போட இன்னும் கெடு இருந்தது. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு ஓரளவு கழிவு உண்டு, ஆனாலும் முதலில் வருமானத்தில் காட்ட வேண்டும். டெபாசிட் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, முழுசாக வரி. எது எவ்வளவு என்று சரிபார்க்கத் தபால் ஆபீஸின் வட்டிச் சான்றிதழ் வேண்டும் என்றேன். மேனேஜர் வியர்த்துப்போனார். மச்சானுக்குப் போன மாதம்தான் அதே கிளைக்கு மாற்றல் ஆகியிருக்கிறதாம்.

"நீங்க போய் வாங்கிட்டு வந்துடுங்க மேடம். நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

போனேன். அவரும் வந்தார், தலையில் தொப்பியோடு. வந்தவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கவுண்டரில் மச்சான் பாஸ்புக்கை வாங்கினார். பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தூண் வரைக்கும் கேட்கிற மாதிரி, "கணக்குக்காரர் நேர்ல வரணும் மேடம். ஒருவேளை தவறிட்டாருன்னா சொல்லுங்க, அதுக்கு வேற ஃபார்ம் இருக்கு" என்றார்.

"இருக்கேன்டா" என்றது தூண்.

மச்சான் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. சான்றிதழை அச்செடுத்து முத்திரை குத்தி நீட்டினார். "பார்த்துப் பிடிங்க மாமா, பசை காயல."

"உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். அவ முன்னாடி நான் தலை தூக்க முடியாது."

"நான் சொல்ல மாட்டேன் மாமா."

ஆபீஸுக்குத் திரும்பினோம். பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் போட்டு, வட்டியைச் சேர்த்து, கழிவைக் கழித்து, மிச்ச வரியைத் தாமத வட்டியோடு கட்ட வைத்து, திருத்திய ரிட்டர்னை அனுப்பினேன். இனி சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் தாக்கல் செய்ததும் செய்யாததும் ஒன்று.

"போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார்."

தன் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் வரலயே."

பதிவாகியிருந்த எண்ணின் கடைசி இலக்கங்களைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. தொல்லை வேண்டாமென்று, முதல் ரிட்டர்ன் முடிந்த கையோடு மனைவியின் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டு மறந்தும் போயிருக்கிறார்.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பலாம்."

அவர் நிஜமாகவே யோசித்தார். எந்த கவுண்டரில் யார் இருப்பார் என்று கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் போன் அடித்தது. மனைவி. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"நம்பர் வந்திருக்கு, எழுதிக்கோங்க" என்று அந்த அம்மா ஒவ்வோர் இலக்கமாக நிதானமாகச் சொன்னார். நான் அடித்தேன். சரிபார்ப்பு முடிந்தது.

"போஸ்ட் ஆபீஸ் வட்டியைச் சேர்த்துட்டீங்கல்ல?" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் போனை உற்றுப் பார்த்தார். "உனக்கு எப்படி..."

"வரி ஆபீஸ் மெசேஜும் இந்த போனுக்குத்தானே வந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். என் தம்பி ஆபீஸை நம்பித்தான் பணம் போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன வெட்கம்?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு உன் தம்பி வரான்ல?" என்றார் கடைசியில். "அவன்கிட்ட இன்னொரு டெபாசிட் ஃபார்ம் எடுத்துட்டு வரச் சொல்லு."